மொத்தமாக வாங்குபவருக்கு எழுதும் முதல் கடிதம்: சின்ன வெங்காயத்தை முன்வைத்து

மொத்தக் கொள்முதல் செய்யும் உணவக நிறுவனத்திலோ மசாலா ஆலையிலோ உங்கள் கடிதத்தைப் பிரித்துப் படிப்பவர் கொள்முதல் மேலாளர். அவருக்கு மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். எந்த வாரத்தில் எத்தனை டன் வரும்? வருகிற காய் என்ன அளவில் இருக்கும்? சொன்னபடி வராவிட்டால் முன்கூட்டியே தகவல் கிடைக்குமா? குழு எப்போது தொடங்கப்பட்டது, எத்தனை பரிசு வாங்கியது என்பதெல்லாம் பிறகுதான். முதல் பத்தியிலேயே அளவும் தரமும் காலமும் இல்லாத கடிதம் பெரும்பாலும் பதில் இல்லாமல் கிடக்கும்.

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு விளைபொருளை எடுத்துக்கொள்கிறோம்: பெரம்பலூர் மாவட்டத்துச் சின்ன வெங்காயம். இதில் சுருக்கம், அழுகல், முளைப்பு, விலை ஏற்ற இறக்கம் எல்லாமே உண்டு. அதனால் ஒரு கடிதம் எங்கெல்லாம் தவறக்கூடும் என்பதை இதை வைத்துத் தெளிவாகக் காட்டலாம். உதாரணத்துக்கு ஆலத்தூர் ஒன்றியத்தில் 100 பேர் கொண்ட ஓர் உழவர் உற்பத்தியாளர் குழு இருப்பதாக வைத்துக்கொள்வோம். கீழே வரும் எண்கள் அந்தக் கற்பனைக் குழுவின் எண்கள். உங்கள் குழுவின் எண்களை உங்கள் பதிவேட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

எத்தனை டன் என்று எழுதுவது

கடிதம் எழுத உட்காருவதற்கு முன் நடவுப் பதிவேடு தயாராக இருக்க வேண்டும். யார், எந்தச் சர்வே எண்ணில், எத்தனை ஏக்கர், எந்தத் தேதியில் நட்டார், விதை வெங்காயமா நாற்றா என்பது வரை அதில் இருக்க வேண்டும். விதை வெங்காயம் ஊன்றிய பயிர் 65 முதல் 70 நாளில் பறிப்புக்கு வரும். விதை தூவி நாற்றுவிட்டு வளர்க்கும் கோ (ஆன்) 5 போன்ற ரகத்துக்கு 90 நாள் ஆகும். இந்த வேறுபாட்டைக் குறித்துவைக்காத குழு, தேதி சொல்வதில் மூன்று வாரம் பிசகும்.

நம் உதாரணக் குழுவில் வைகாசிப் பட்டத்தில் 55 ஏக்கர் நட்டிருக்கிறார்கள். ஏக்கருக்கு எத்தனை டன் என்று உறுப்பினர்களைக் கேட்டால், நன்றாக விளைந்த வருடத்தின் கணக்கைத்தான் சொல்வார்கள். அதை எழுதக்கூடாது. கடந்த மூன்று பட்டங்களின் எடைச்சீட்டுகளைக் கூட்டிச் சராசரி பார்த்தால் 4 டன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மொத்தம் 220 டன்.

பல குழுக்கள் இந்த 220-ஐ அப்படியே கடிதத்தில் எழுதிவிடுகின்றன. ஆனால் இது காட்டிலிருந்து பிடுங்கும்போது இருக்கும் எடை. உலர்த்தித் தாள் அறுத்து, அழுகலும் ஊமைக்காயும் பொறுக்கி எடுத்த பிறகு, 12 சதவீதம் குறைகிறது என்று இந்தக் குழுவின் பழைய கணக்கு சொல்கிறது. மிஞ்சுவது சுமார் 194 டன். அடுத்த பட்டத்தில் 50 ஏக்கர் நடவேண்டும். ஏக்கருக்கு 600 கிலோ விதை வெங்காயம் என்றால் 30 டன்னை எடுத்துவைத்தாக வேண்டும். இப்போது 164 டன். அடுத்ததைப் பற்றிக் கூட்டத்தில் பேசக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும், ஆனால் பேசியே ஆகவேண்டும். மண்டியில் முன்பணம் வாங்கியவர்கள் எத்தனை பேர்? அவர்களுடைய காய் மண்டிக்குத்தான் போகும். அதை மறைத்துவைத்தால் லாரி வந்து நிற்கும் நாளில் வெளிச்சத்துக்கு வரும். நம் குழுவில் அப்படிப் போகவேண்டியது 64 டன். ஆக, குழுவின் கையில் உண்மையில் விற்பனைக்கு இருப்பது 100 டன்.

இந்த நூறையும் உறுதி என்று எழுதவேண்டாம். தரம் பிரித்தால் முதல் தரம் 55 டன், இரண்டாம் தரம் 35 டன், பொடி 10 டன் என்று வருகிறது. பொடியை இந்த வாங்குநருக்குக் காட்டவே வேண்டாம். அது வடகம் போடுபவர்களிடம் தனியாக விற்கட்டும். முதல் தரத்தில் 40 டன் "உறுதியான அளவு", மீதி 15 டன் "விளைச்சலைப் பொறுத்து" என்று பிரித்து எழுதுங்கள். உறுதி என்ற சொல்லுக்குக் கீழே இருக்கும் எண், திருகல் நோய் வந்து சில காடுகள் போனாலும், இரண்டு உறுப்பினர்கள் விலகினாலும் தரக்கூடியதாக இருக்க வேண்டும். 40 சொல்லி 50 கொடுத்தால் அடுத்த பட்டத்துக்கு அவரே அழைப்பார். 60 சொல்லி 50 கொடுத்தால், அதே 50 டன் அவர் கண்ணுக்குக் குறையாகத்தான் தெரியும்.

தரம் என்றால் மி.மீ.

"முதல் தரம்" என்று மட்டும் எழுதினால் எதுவும் சொன்னதாகாது. ஒரு மண்டியின் முதல் ரகம் இன்னொரு மண்டியில் இரண்டாம் ரகம். உங்கள் குழு எந்தச் சல்லடையில் சலிக்கிறதோ அந்தக் கண்ணின் அளவை எழுதுங்கள். நம் குழு 25 மி.மீ. கண்ணில் தங்குவதை முதல் தரம் என்றும், அதில் விழுந்து 15 மி.மீ. கண்ணில் தங்குவதை இரண்டாம் தரம் என்றும் வைத்திருக்கிறது. அதற்கும் கீழே விழுவது பொடி. விதை வெங்காயத்தில் விளைந்த காயையும் நாற்றில் விளைந்த காயையும் ஒரே சாக்கில் கலக்காதீர்கள். நிறமும் பருமனும் வேறுபடும், உரிப்பவர்களுக்குக் கூலிக் கணக்கும் மாறும்.

அளவுக்கு அடுத்தபடி உலர்ச்சி. வாங்குநரின் கிடங்கில் நடக்கும் சண்டையில் பெரும்பகுதி இதிலிருந்துதான் வருகிறது. பிடுங்கிய வெங்காயத்தைத் தாளோடு காட்டில் வரிசையாகப் பரப்பி, ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசையின் காயை மூடும்படி போட்டு, மூன்று நான்கு நாள் உலரவிட வேண்டும். காய் நேரடி வெயிலில் வெந்துவிடக்கூடாது. உலர்ந்ததா என்று பார்க்கக் கழுத்தை இரண்டு விரலால் அழுத்துங்கள். ஈரம் கசியாமல், கழுத்து மூடி இறுகியிருக்க வேண்டும். ஒரு கை அள்ளி உருட்டினால் மேல்தோல் சருகுபோலச் சலசலக்க வேண்டும். அதன்பிறகு 2 செ.மீ. கழுத்து விட்டுத் தாள் அறுக்கலாம். காயை ஒட்ட அறுத்தால் வெட்டுவாய் வழியாக அழுகல் இறங்கும். அது ஏற்றும் நாளில் தெரியாது, மூன்றாம் நாள் வாங்குநரின் கிடங்கில் வாடையாகத் தெரியும்.

ஒரு காய்கூடச் சொத்தை இருக்காது என்று எந்தக் குழுவாலும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அதற்குப் பதிலாக எவ்வளவு வரை பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதைக் கடிதத்திலேயே சொல்லுங்கள்: அளவு குறைந்த காய் எடையில் 5 சதவீதம் வரை, அழுகல் 1 சதவீதம் வரை, முளை விட்டதும் அடியில் வேர் விட்டதும் சேர்த்து 1 சதவீதம் வரை. எப்படிச் சோதிப்பது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் இந்த எண்களுக்குப் பொருள் உண்டு. 6 டன் லாரியில் 50 கிலோ வலைச்சாக்கு 120 இருக்கும். அதில் முன்னும் நடுவும் பின்னுமாக 6 சாக்கைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் 5 கிலோ எடுத்தால் 30 கிலோ மாதிரி கிடைக்கும். அதைப் பிரித்து எடைபோட்டால் சதவீதம் வந்துவிடும். ஏற்றும் இடத்தில் இதை நீங்களும் செய்து, படிவத்தில் எழுதி, ஓட்டுநரிடம் ஒரு படியைக் கொடுத்தனுப்புங்கள்.

எந்த வாரத்தில் எவ்வளவு

ஆடி, ஆவணி என்று எழுதுவது நமக்குப் போதும். வாங்குபவரின் சமையற்கூடம் வாரக்கணக்கில் ஓடுகிறது. நடவுப் பதிவேட்டில் தேதி இருந்தால் இதற்குத் தனி வேலை இல்லை. மே 20-லிருந்து ஜூன் 25 வரை நட்ட காடுகள், ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை பறிப்புக்கு வரும். ஆனால் நடவு ஒரே சீராக நடப்பதில்லை. மழை பெய்த வாரத்தில் எல்லோரும் சேர்ந்து நடுவார்கள். ஆகவே 40 டன்னை எட்டு வாரத்துக்கு ஐந்தைந்தாக வகுத்து எழுதினால் அது தாளில்தான் அழகாக இருக்கும். நம் குழுவின் பதிவேட்டின்படி முதல் வாரம் 3 டன், ஆகஸ்டின் நான்கு வாரங்களில் ஆறு ஆறாக 24 டன், செப்டம்பர் முதல் இரண்டு வாரங்களில் ஐந்தைந்து, கடைசி வாரம் 3 என்று வருகிறது. செப்டம்பரில் அனுப்புவது பட்டறையிலிருந்து எடுக்கும் காய்.

பட்டறைக் காயைக் கடிதத்தில் தனியாகக் குறிப்பிட்டே ஆகவேண்டும், ஏனென்றால் அதன் விலைக்கணக்கு வேறு. 10 டன்னைப் பட்டறை போட்டு, எடுக்கும்போது காய்ந்ததும் கழிந்ததுமாக 15 சதவீதம் போனால் கையில் இருப்பது 8.5 டன். காட்டுக் காயைக் கிலோ 40 ரூபாய்க்குக் கொடுக்கிற குழு, பட்டறைக் காயை 47 ரூபாய்க்குக் கொடுத்தால்தான் அதே பணம் வரும். பட்டறை போட்ட கூலி இதில் சேரவில்லை. விலை ஏறினால் லாபம் என்று நினைத்துப் பட்டறை போட்டவர்கள் பலர், இந்த எடைக்கழிவைக் கணக்கில் எடுக்காமல் நஷ்டத்துக்கு விற்றிருக்கிறார்கள்.

ஐப்பசிப் பட்டக் காயைப் பற்றிக் கடிதத்தில் ஒரே ஒரு வரி போதும். அது டிசம்பர் கடைசியிலிருந்து வரும். வளரும் காலத்தில் வடகிழக்குப் பருவமழை இருப்பதால் விளைச்சலும் உலர்ச்சியும் நிச்சயமில்லை. அந்தக் காய் பட்டறையில் நிற்பது கடினம், பறித்தவுடன் போகவேண்டும். ஆகவே அதற்கு இப்போதே டன் கணக்கு எழுதாமல், "நடவு முடிந்ததும் நவம்பரில் தனிக் கடிதம் அனுப்புவோம்" என்று சொல்வதே நேர்மை.

விலை, பணம், கையெழுத்து

சின்ன வெங்காயத்துக்குப் பட்டம் முழுவதற்கும் ஒரே விலை எழுதுவது இரு தரப்புக்கும் ஆபத்து. சந்தை விலை நீங்கள் எழுதியதைவிடப் பாதியாகப் போனால் அவர் தரம் சரியில்லை என்று லாரியைத் திருப்புவார். இரண்டு மடங்கானால் உங்கள் உறுப்பினர்களே இரவோடு இரவாக வெளியில் விற்றுவிடுவார்கள். இதற்கு வழி, எல்லோரும் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒரு சந்தையோடு விலையைக் கட்டிவைப்பது. திண்டுக்கல் வெங்காயச் சந்தையின் வாரச் சராசரியோடு, தரம் பிரித்து உலர்த்திச் சாக்குக் கட்டியதற்கு ஒரு தொகையைச் சேர்த்துக் கேட்கலாம். கூடவே ஒரு கீழ் எல்லையும் மேல் எல்லையும் வையுங்கள். கீழ் எல்லை உங்கள் சாகுபடிச் செலவுக்குக் குறையக்கூடாது. மேல் எல்லை வைக்க உறுப்பினர்கள் முணுமுணுப்பார்கள். அது இல்லாமல் கீழ் எல்லையை மட்டும் எந்த வாங்குநரும் ஒப்புக்கொள்வதில்லை.

பணம் எத்தனை நாளில் என்பதையும் எழுதவேண்டும். மண்டியில் சீட்டோடு பணம் பழகிய உறுப்பினர், 30 நாள் காத்திருக்கமாட்டார். 7 நாள் என்று கேளுங்கள், அதற்கு மேல் என்றால் முன்பணம் கேளுங்கள்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, தெளிவான அளவும் விலையும் சொல்லித் தருவதாக எழுதிய கடிதம் ஒரு முன்மொழிவு. மறுபக்கம் அப்படியே ஏற்றுக்கொண்டால் அது ஒப்பந்தமாகிவிடும். அதனால் எந்தத் தேதி வரை இது செல்லும் என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அந்தத் தேதிக்குள் ஏற்பு வராவிட்டால் முன்மொழிவு தானாகவே காலாவதியாகும். தேதி இல்லாத கடிதத்தை இரண்டு மாதம் கழித்து, விலை ஏறிய பிறகு எடுத்துக் காட்டினால் வீண் வழக்கு. குழு பதிவு செய்யப்படாததாக இருந்தால், கையெழுத்திட்டவர்கள் சொந்தப் பொறுப்பில் மாட்டிக்கொள்ள நேரலாம். உங்கள் குழு ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் சேர்ந்திருந்தால் அந்த நிறுவனத்தின் பெயரில் கடிதத்தை அனுப்புவது நல்லது. எப்படியானாலும் கூட்டத் தீர்மான எண்ணைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

மாதிரிக் கடிதம்

அனுப்புநர்:
தலைவர், ................ உழவர் உற்பத்தியாளர் குழு,
................ கிராமம், ஆலத்தூர் ஒன்றியம், பெரம்பலூர் மாவட்டம்.

பெறுநர்:
கொள்முதல் மேலாளர் அவர்கள், ................, சென்னை.

நாள்: ஜூலை 5

பொருள்: சின்ன வெங்காயம், முதல் தரம் 40 டன், ஜூலை கடைசி முதல் செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை வழங்குதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் குழு உறுப்பினர்கள் வைகாசிப் பட்டத்தில் 55 ஏக்கரில் சின்ன வெங்காயம் நட்டுள்ளனர். அதிலிருந்து முதல் தரம் 40 டன் உறுதியாகவும், மேலும் 15 டன் விளைச்சலைப் பொறுத்தும் தங்களுக்கு வழங்க விரும்புகிறோம். தேவைப்பட்டால் இரண்டாம் தரம் 20 டன் வரை தர இயலும்.

முதல் தரம் என்பது 25 மி.மீ. சல்லடையில் தங்கும் காய். இரண்டாம் தரம் 15 முதல் 25 மி.மீ. வரை. அனைத்தும் விதை வெங்காயத்தில் விளைந்தவை, காட்டில் உலர்த்தித் தாள் அறுத்தவை. அளவு குறைந்த காய் 5 சதவீதம், அழுகல் 1 சதவீதம், முளையும் வேரும் விட்டவை 1 சதவீதம் என்ற வரம்புக்குள் இருக்கும். ஒவ்வொரு லாரியிலும் 6 சாக்குகளிலிருந்து 30 கிலோ மாதிரி எடுத்துச் சோதித்த படிவத்தை உடன் அனுப்புவோம்.

வழங்கும் கால அட்டவணை: ஜூலை கடைசி வாரம் 3 டன், ஆகஸ்டில் வாரம் 6 டன் வீதம் நான்கு வாரம், செப்டம்பர் முதல் இரு வாரங்களில் வாரம் 5 டன், மூன்றாம் வாரம் 3 டன். செப்டம்பரில் வழங்குவது பட்டறையில் வைத்த காய். மழையாலோ நோயாலோ எந்த வாரத்திலாவது அளவு குறையுமானால் 5 நாள் முன்னதாகத் தெரிவிப்போம். ஐப்பசிப் பட்டக் காய் குறித்து நவம்பரில் தனியே எழுதுவோம்.

விலை, 50 கிலோ வலைச்சாக்கில் எங்கள் களத்தில் லாரியில் ஏற்றியது வரை: முந்தைய வாரம் திண்டுக்கல் சந்தையில் முதல் ரகத்தின் சராசரி விலையுடன் கிலோவுக்கு 3 ரூபாய். பட்டறைக் காய்க்குக் கூடுதலாகக் கிலோவுக்கு 7 ரூபாய். இந்தக் கூடுதல் தொகைகள் சேராமல், சந்தை விலைக்குக் கீழ் எல்லை ........ ரூபாய், மேல் எல்லை ........ ரூபாய். இரண்டாம் தரத்தின் விலையைத் தங்கள் தேவை தெரிந்தபின் தெரிவிப்போம். லாரி வாடகையும் இறக்குக்கூலியும் தங்களைச் சேர்ந்தவை. எங்கள் ஊர் எடைமேடைச் சீட்டே எடைக்கு ஆதாரம். வழியில் 1 சதவீதம் வரையிலான எடைக்குறைவை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறோம். தரம் பற்றிய குறையைச் சரக்கு இறங்கிய 24 மணி நேரத்துக்குள் படத்துடன் தெரிவிக்க வேண்டும். பணத்தை 7 நாளில் குழுவின் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும்.

இந்த முன்மொழிவு ஜூலை 20 வரை செல்லும். எங்கள் குழுவின் ........ எண் தீர்மானத்தின்படி இது அனுப்பப்படுகிறது. தங்கள் அலுவலர் பயிரைப் பார்க்க எந்த நாளும் வரலாம். முதல் பறிப்பில் 5 கிலோ மாதிரி அனுப்பிவைக்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர் / பொருளாளர்

அனுப்பிய பிறகு

பெரும்பாலும் வரும் பதில், "சரி, ஆனால் வாரம் 8 டன் வேண்டும்" என்றோ "பணம் 21 நாளில்" என்றோ இருக்கும். அது ஏற்பு அல்ல, புதிய முன்மொழிவு. தொலைபேசியில் "பார்க்கலாம் சார்" என்று சொன்னதை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டு லாரியை அனுப்பிவிடுவார். அன்றே செயற்குழுவைக் கூட்டி, பதிவேட்டைப் பார்த்து, முடியும் அளவை எழுத்தில் அனுப்புங்கள்.

மாதிரி அனுப்பும்போது பெரிய காய்களாகப் பொறுக்காதீர்கள். சலித்த குவியலிலிருந்து வந்தபடி 10 கிலோ அள்ளி, இரண்டாகப் பிரித்து, இரண்டு பைகளிலும் தேதியிட்டு இருவர் கையெழுத்தோடு முத்திரை வையுங்கள். ஒன்று அவருக்குப் போகட்டும். மற்றொன்று குழு அலுவலகத்தில் காற்றோட்டமான இடத்தில் தொங்கட்டும். முதல் லாரியின் தரம் பற்றிப் பேச்சு வந்தால் இரு தரப்பும் அந்தப் பையைத்தான் திறந்து பார்க்கவேண்டியிருக்கும்.

நட்ட 40-ஆம் நாள் வாக்கில் செயற்குழுவினர் இருவர் எல்லாக் காட்டையும் ஒருமுறை சுற்றிவர வேண்டும். இலை திருகியிருக்கிறதா, நுனி கருகியிருக்கிறதா, எந்தக் காட்டில் பாத்தி பாத்தியாக இடம் காலியாகியிருக்கிறது என்று பார்த்துப் பதிவேட்டைத் திருத்துங்கள். 40 டன் 34 ஆகும்போலத் தெரிந்தால், பறிப்புக்கு மூன்று வாரத்துக்கு முன்பே அதை வாங்குநருக்கு எழுதிவிடலாம். வேறு இடத்தில் 6 டன் தேடிக்கொள்ள அவருக்கு அந்த மூன்று வாரம் போதும்.